ஒரே வீடியோ, மூன்று கணக்கு, குறைந்துபோன 9,000

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். யூடியூப் சேனல் நடத்தும் ஒரு தம்பியை வைத்து 40 விநாடி வீடியோ ஒன்றும், அதையே விரிவாக 6 நிமிட வீடியோ ஒன்றும் எடுத்தோம். ஆயிரம் வியூவுக்கு 60 ரூபாய் என்று பேச்சு. சின்ன வீடியோவுக்கு இன்ஸ்டாகிராமில் 2,10,000, யூடியூப் ஷார்ட்ஸில் 1,40,000, பேஸ்புக்கில் 85,000 என்று எட்டாம் நாள் காட்டினார். பெரிய வீடியோ வெறும் 9,400. இன்றைக்குப் பதினாறாம் நாள், ஷார்ட்ஸில் 1,31,000 என்று குறைந்து நிற்கிறது. ஒரு தடவை பார்த்தது பார்த்ததுதானே, அது எப்படிக் குறையும்? வெளியூர் ஆட்களை வைத்து வியூஸ் வாங்கினாரோ என்று வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் டேப்லெட்டில் காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை அந்த ஷார்ட்ஸைத்தான் ஓட விட்டிருக்கிறோம், வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். எந்தக் கணக்கை நம்பிப் பணம் கொடுப்பது? தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களை இணைத்திருக்கிறேன்.
— சுங்குடி வியாபாரி ஒருவர், மதுரை

பதில்:

தம்பியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த டேப்லெட்டைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருந்த அந்த ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

40 விநாடி வீடியோ திரும்பத் திரும்ப ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 90 தடவை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 1,080. எட்டு நாளைக்கு 8,640. உங்களுக்குக் குறைந்தது 9,000. இரண்டும் அச்சாக ஒத்துப்போகவில்லைதான். எட்டாம் நாளுக்குப் பிறகும் டேப்லெட் ஓடியிருக்கும், புதிதாகப் பார்த்தவர்களும் நடுவில் சேர்ந்திருப்பார்கள். ஆகவே கழிந்த எண்ணிக்கை 9,000-க்குக் கொஞ்சம் மேலேயே இருக்க வேண்டும். ஆனாலும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் இரண்டு எண்களைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் விளம்பரக் கணக்குச் சரிபார்ப்பு வேலையில் இருப்பவன். சந்தேகம் என் தொழில்வியாதி. அதனால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியையும் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன், வியூ என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். வாசலில் தொங்கும் சேலையை நின்று பார்த்தவரைச் சேர்ப்பீர்களா, படியேறியவரை மட்டுமா, 'அந்தக் கட்டத்தை எடுத்துப் போடுங்க' என்று விரிக்கச் சொன்னவரை மட்டுமா? மூன்றுமே நியாயமான கணக்குதான், மூன்றும் வேறு வேறு எண்ணைத் தரும். பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்றவரை எண்ணி, நீங்கள் சேலையை விரித்தவரை எண்ணினால், அவர் கடையில் கூட்டம் அதிகம் என்றுதான் ஊர் பேசும். வியூவும் அப்படித்தான். அது பார்த்த ஆட்களின் எண்ணிக்கை இல்லை. குறிப்பிட்ட ஒரு சம்பவம் எத்தனை தடவை நடந்தது என்ற எண்ணிக்கை. எது அந்தச் சம்பவம் என்பதை அந்தந்த நிறுவனம் முடிவு செய்கிறது.

இன்ஸ்டாகிராமில் ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. மறுபடி சுற்றி வந்து ஓடினால் இன்னொன்று. அரை விநாடியில் கட்டைவிரலால் தள்ளிவிட்டவரும் அந்த 2,10,000-இல் இருக்கிறார், பிடித்துப்போய் ஐந்து தடவை பார்த்தவர் ஐந்து வியூவாக இருக்கிறார். யூடியூப் ஷார்ட்ஸும் இப்போது இதே வழிதான், ஆனால் இது புதுப்பழக்கம். 2025 மார்ச் 31 வரை ஷார்ட்ஸைக் குறிப்பிட்ட நேரம் பார்த்தால்தான் வியூ என்று வைத்திருந்தார்கள், எத்தனை விநாடி என்று வெளியே சொன்னதில்லை. அந்தத் தேதியிலிருந்து, ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ வியூ என்று மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கைத் தூக்கி எறியவில்லை. Engaged views என்ற பெயரில் சேனல்காரரின் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் வைத்திருக்கிறார்கள். வெளியே தெரிகிற பெரிய எண் ஊருக்கு, உள்ளே இருக்கிற சின்ன எண் காசுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஷார்ட்ஸுக்கு யூடியூப் தருகிற வருமானம், சேனலுக்கு வருமானத் தகுதி உண்டா என்ற கணக்கு இரண்டுமே அந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான். தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டில் அது 74,000 என்று இருக்கிறது. 1,31,000-இல் பாதிக்குச் சற்று மேல்.

பேஸ்புக் படத்தில் இருக்கும் தலைப்பைக் கவனித்தீர்களா? 3-second views என்று இருக்கிறது. அதாவது குறைந்தது மூன்று விநாடி பார்த்தவை மட்டும் 85,000. பேஸ்புக்கிலும் ஓடத் தொடங்கியதை எண்ணுகிற Views என்று ஒரு கணக்கு உண்டு, அது இதைவிடப் பெரியதாக இருக்கும். ஏமாற்ற நினைத்திருந்தால் தம்பி அதைத்தான் காட்டியிருப்பார். தனக்கு நஷ்டமான எண்ணை அனுப்பியிருக்கிறார் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

சரி, எல்லோரும் ஒரே அளவை வைத்துக்கொண்டால் என்ன? வைக்க முடியாததற்குக் காரணம், அந்த விநாடிக் கணக்கு எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதில் இருக்கிறது. யூடியூபின் சாதாரண வீடியோவைப் பெரும்பாலும் யாராவது தொட்டால்தான் ஓடும். தொடுவதே 'எனக்கு இதைப் பார்க்க வேண்டும்' என்று சொல்வது மாதிரி. அதனால் அங்கே ஆளின் விருப்பத்துக்கு ஓரளவு அத்தாட்சி இருக்கிறது. வேறொரு இணையதளத்தில் யூடியூப் வீடியோவைப் பதித்து வைத்திருக்கிறார்கள் என்றால், பார்ப்பவர் அந்தப் பிளே பொத்தானை அழுத்தினால்தான் அது எண்ணிக்கையில் சேரும், பக்கம் திறந்ததும் தானாக ஓடினால் சேராது என்று மென்பொருள் எழுதுபவர்களுக்கான குறிப்பிலேயே யூடியூப் எழுதி வைத்திருக்கிறது. பேஸ்புக்கில் நிலைமை வேறு. விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது வீடியோ தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. யாரும் எதையும் தொடவில்லை. ஆக, தொட்டதற்கு ஈடாக ஏதோ ஒன்று வேண்டும். மூன்று விநாடி நின்றால் பார்த்ததாக வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் வைத்தார்கள். மூன்று என்ற எண்ணில் தெய்வீகம் எதுவும் கிடையாது.

விளம்பரத்தில் கதை இன்னும் மாறும். யூடியூபில் ஐந்து விநாடிக்குப் பிறகு 'ஸ்கிப்' செய்யக்கூடிய விளம்பரத்தை 30 விநாடி, அல்லது விளம்பரமே அதைவிடச் சின்னது என்றால் முழுவதும், பார்த்தால்தான் ஒரு வியூ. அதைத் தொட்டு உள்ளே போனாலும் வியூதான். அங்கே பணம் கொடுப்பவர் விளம்பரதாரர், தாண்டிப் போனவருக்கு அவர் ஏன் கொடுக்க வேண்டும்? அதனால் கோடு உயரத்தில் இருக்கிறது. பல பேர் 'யூடியூபில் 30 விநாடி பார்த்தால்தான் வியூ' என்று பொதுவாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது இந்த விளம்பர விதியிலிருந்து கசிந்து வந்த பேச்சு. சாதாரண வீடியோவுக்கு எத்தனை விநாடி என்று யூடியூப் எங்கேயும் எழுதித் தரவில்லை. அமெரிக்காவில் விளம்பர அளவீட்டைச் சரிபார்க்கும் மீடியா ரேட்டிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவோ, வீடியோ விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது திரையில் தொடர்ந்து இரண்டு விநாடி தெரிய வேண்டும் என்பது. கண்ணில் பட வாய்ப்பிருந்ததா என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஆள் பார்த்தாரா, ரசித்தாரா என்ற கேள்விக்கே அது போவதில்லை.

ஒரு நிறுவனமே தன் அளவை எப்படி மாற்றிக்கொண்டே போகிறது என்பதற்கு நெட்பிளிக்ஸ் நல்ல உதாரணம். முதலில் ஒரு படத்தில் 70 சதவீதம் பார்த்தால்தான் கணக்கு என்றார்கள். பிறகு இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், அவராகத் தேர்ந்தெடுத்தார் என்று அர்த்தம் என்றார்கள். எண்கள் ஒரே நாளில் வீங்கின. 2021-இல் மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அதில் நீளமான தொடருக்குத்தான் லாபம் என்று முணுமுணுப்பு வந்தது. 2023 ஜூனிலிருந்து பார்த்த மொத்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதே வியூ என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி வழி எனக்குப் பிடிக்கும். உங்கள் விவகாரத்தில் நான் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மூன்று ஸ்கிரீன்ஷாட்டிலும் மொத்தப் பார்வை நேரம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 525 மணி நேரம். ஷார்ட்ஸில் குறைத்த பிறகான கணக்குப்படி 490. பேஸ்புக்கில் 260. ஒவ்வொன்றையும் விநாடியாக்கி 40-ஆல் வகுத்தால், முழு வீடியோ எத்தனை தடவை ஓடியதற்குச் சமம் என்று கிடைக்கும். இன்ஸ்டாகிராமுக்கு 525-ஐ 3,600-ஆல் பெருக்கினால் 18,90,000 விநாடி, 40-ஆல் வகுத்தால் 47,250. அதே வழியில் ஷார்ட்ஸுக்கு 44,100. பேஸ்புக்குக்கு 23,400.

முதல் இரண்டையும் பாருங்கள். வெளியே தெரிகிற எண்ணில் 2,10,000-க்கும் 1,31,000-க்கும் இடையே எவ்வளவு தூரம்! இன்ஸ்டாகிராம்தான் நமக்குச் சரிப்பட்டு வருகிறது, அடுத்த தடவை அதில் மட்டும் போடுவோம் என்று முடிவெடுக்கக்கூடத் தோன்றியிருக்கும். மக்கள் உங்கள் சேலையில் கண் வைத்திருந்த நேரத்தைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்ஸ்டாகிராமில் தள்ளிவிட்டுப் போனவர்கள் அதிகம், அவ்வளவே.

பெரிய வீடியோவை 'வெறும் 9,400' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வெறும்'மில்தான் எனக்கு வருத்தம். அதன் சராசரிப் பார்வை நேரம் 2 நிமிடம் 10 விநாடி. அதாவது 130 விநாடி. 9,400-ஐ 130-ஆல் பெருக்கினால் 12,22,000 விநாடி, கிட்டத்தட்ட 339 மணி நேரம். பேஸ்புக்கின் 85,000-ஐவிட இதில்தான் உங்கள் சேலையை அதிக நேரம் பார்த்திருக்கிறார்கள். தேடி வந்து, தொட்டுத் திறந்து, முடிச்சுப் போடுவதையும் சாயம் ஏறுவதையும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்த ஆட்கள் இவர்கள். ஆயிரத்துக்கு 60 ரூபாய் என்ற உங்கள் பேச்சுப்படி இதற்குத் தம்பிக்குக் கிடைப்பது 564 ரூபாய். ஒரு மணி நேரப் பார்வைக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட வரவில்லை. இன்ஸ்டாகிராமில் அதே ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் 24 ரூபாய் கொடுக்கிறீர்கள். தப்பு உங்கள் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை. முழம் போட்டு அளப்பதையும் எடை போட்டு அளப்பதையும் ஒரே விலையில் பேசியதால் வந்தது.

இந்த நேரக் கணக்கிலும் ஓட்டை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இருபது விநாடி பார்த்த இரண்டு பேர் சேர்ந்து ஒரு முழுப் பார்வை ஆகிவிடுகிறார்கள். உங்கள் கடை பெயர் கடைசி ஐந்து விநாடியில்தான் வருகிறது என்றால் அந்த இரண்டு பேருக்கும் கடை பெயரே தெரியாது. போனை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவருக்கு வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் நேரமாகச் சேரும். ஆட்கள் எத்தனை பேர் என்று இதிலிருந்து எடுக்கவே முடியாது. இன்ஸ்டாகிராம் தனியாக 1,32,000 கணக்குகளை அடைந்ததாகக் காட்டுகிறது. அதில் ஒருவரே பேஸ்புக்கிலும் யூடியூபிலும் இருப்பார். மூன்றையும் கூட்டிச் சொல்கிற எண்ணை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நேரக் கணக்கு வம்பில் மாட்டிய பெரிய கதை ஒன்றும் உண்டு. 2016-இல் பேஸ்புக் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டது. சராசரிப் பார்வை நேரம் சொல்லும்போது, எல்லோரும் பார்த்த மொத்த நேரத்தை, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருந்தார்கள். தள்ளிவிட்டுப் போனவர்களின் நேரம் மேலே இருந்தது, அவர்களின் தலை கீழே இல்லை. இதனால் சராசரி 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்தது என்று செய்திகள் வந்தன. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அதனால்தான் நான் உங்கள் கணக்கில் 'சராசரி'யைத் தொடாமல் முடிந்தவரை மொத்த நேரத்தையே எடுத்தேன். பெரிய வீடியோவுக்கு மட்டும் தம்பி மொத்த நேரத்தை அனுப்பவில்லை. கேட்டு வாங்கி, 339-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது, பார்த்தது எப்படிக் குறையும் என்ற உங்கள் கேள்வி. யூடியூபில் எண்ணிக்கை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேகமாக எண்ணுகிறார்கள், பிறகு நிதானமாகச் சரிபார்த்துக் கழிக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் யூடியூப் பார்த்தவர்களுக்கு 301 என்ற எண் ஞாபகம் இருக்கும். புதிதாகப் போட்ட வீடியோ பரபரப்பாக ஓடும், லைக் ஆயிரத்தைத் தாண்டும், வியூ மட்டும் 301-இல் உறைந்து நிற்கும். 300 வரை எண்ணிக்கையை அப்படியே ஏற்றிவிட்டு, அதற்கு மேல் போனால் நிறுத்திச் சரிபார்ப்பது அப்போதைய ஏற்பாடு. '300 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஒன்றைக் கூட்டு' என்று நிரலில் எழுதியிருந்ததால், சரியாக 300-இல் இருக்கும்போது இன்னொன்று கூடி 301 ஆகி நின்றது. 2015 ஆகஸ்டில் அந்த உறைவை எடுத்துவிட்டார்கள். சரிபார்ப்பை எடுக்கவில்லை. அது இப்போது எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நடக்கிறது, ஆகவே நிற்பதற்குப் பதிலாகச் சில சமயம் குறைகிறது.

எதைக் கழிக்கிறார்கள்? நிரல் வைத்து ஓட்டியவை, காசு கொடுத்து வாங்கியவை, ஒரே கருவியிலிருந்து இயல்புக்கு மீறித் திரும்பத் திரும்ப ஓடியவை. ஒருவர் நாலு தடவை பார்த்தால் நாலும் கணக்கில் சேரலாம். ஒரே கருவி, ஒரே இணைப்பு, நாளைக்கு ஆயிரம் தடவை என்றால் அதை யாரும் ரசிகர் என்று நினைக்க மாட்டார்கள். எத்தனைக்கு மேல் போனால் வெட்டுவார்கள் என்ற எல்லையை யூடியூப் வெளியிடுவதில்லை. வெளியிட்டால், அதற்கு ஒன்று குறைவாக ஓட்டுவதற்கு ஆள் தயாராக இருப்பான்.

அதனால் உங்கள் டேப்லெட்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எந்தெந்த வியூவைக் கழித்தோம் என்று அவர்கள் பட்டியல் தருவதும் இல்லை. ஆனால் தடயம் பார்க்கலாம். தம்பியைக் கடைக்கு வரச் சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய ஸ்டுடியோவைக் கணினியில் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஷார்ட்ஸின் அனலிடிக்ஸில் Advanced mode என்று இருக்கும். அதில் Device type என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் போன், கணினி, டிவி, டேப்லெட் என்று பிரித்துக் காட்டும். நம் ஊரில் ஷார்ட்ஸ் பார்ப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போன்காரர்கள். டேப்லெட் வரிசை தரையோடு தரையாகத்தான் இருக்க வேண்டும். எட்டு நாளும் அது மேலே நின்றால், அல்லது எட்டாம் நாள் எடுத்த படத்தில் மேலே இருந்து இன்று காணாமல் போயிருந்தால், ஆள் அகப்பட்டான்.

வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கும் அதே திரையில் பதில் இருக்கிறது. வாங்கின வியூஸ் என்றால் முதலில் நாடு காட்டிக்கொடுக்கும். மதுரைச் சுங்குடியைத் தமிழில் பேசும் வீடியோவைத் தமிழ்நாடு பார்க்கும், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடாவில் கொஞ்சம் பார்க்கும். தமிழே புழங்காத ஏதோ ஒரு நாட்டிலிருந்து கால்வாசி வந்திருந்தால் கேள்வி கேளுங்கள். அடுத்தது எந்த வழியாக வந்தார்கள் என்பது. ஷார்ட்ஸ் என்றால் பெரும்பகுதி Shorts feed வழியாக வந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெளி இணையதளங்கள் வழியாக விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் ஏறியிருந்தால் அது வாங்கினதுதான். கடைசியாக Engaged views. வாங்கின வியூ பெரும்பாலும் திறந்து மூடுவதோடு சரி, அதனால் பெரிய எண் ஏறும்போது இந்தச் சின்ன எண் கூடவே ஏறாது. உங்களுடையது பாதிக்கு மேல் இருக்கிறது. நாடு வாரியான படத்திலும் இந்தியாவே முதலிடம். எனக்கு வாங்கினது மாதிரித் தெரியவில்லை.

தம்பி தன் கையிலிருந்து காசு போட்டு வீடியோவை 'பூஸ்ட்' செய்தாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அது திருட்டு இல்லை, நேர்மையான விளம்பரம்தான், ஆனால் அந்த வியூக்களும் மொத்தத்தில் கலந்து நிற்கும்.

எட்டாம் நாள் படத்தை நம்பிப் பணம் கொடுக்காமல் விட்டீர்களே, நல்ல வேளை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு நகைக்கடைக்காக இரண்டாம் நாள் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து 'கணக்கு சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பத்தில் மூன்று பங்கு காணோம். கடைக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடம் கூப்பிடவும் இல்லை. புதிதாக வரும் எண், குறிப்பாக அந்த 48 மணி நேர நேரலை எண், ஒரு மதிப்பீடு மட்டுமே. யூடியூப் தான் கொடுக்கிற வருமானத்தையே மாதம் முடிந்ததும் உறுதி செய்வதில்லை. அடுத்த மாதம் 7 முதல் 12 தேதிக்குள்தான் முடிவான தொகையைக் காட்டுகிறது. செல்லாத வியூக்களுக்கான கழிவு அதற்குப் பிறகும் வரலாம்.

இப்போதைக்குப் பணத்தை முடித்துவிடுவோம். பேசின பேச்சு ஆயிரம் வியூவுக்கு 60, எந்த வியூ என்று நீங்கள் இருவருமே பேசவில்லை. பேச்சை இப்போது மாற்றக் கூடாது. இன்றைய எண்படி இன்ஸ்டாகிராமுக்கு 12,600, ஷார்ட்ஸுக்கு 7,860, பேஸ்புக்குக்கு 5,100, பெரிய வீடியோவுக்கு 564. மொத்தம் 26,124 ரூபாய். எட்டாம் நாள் எண்ணை எடுத்தால் 26,664. நீங்கள் மூவரும் முகம் பார்க்காமல் இருப்பது 540 ரூபாய்க்கு. அந்த 9,000 உங்கள் டேப்லெட்டால் வந்தது என்று தெரிந்தால், அதற்குக் காசு கொடுப்பது உங்கள் கடைக்கு நீங்களே காசு கொடுப்பது மாதிரி. ஆகவே 26,124 சரி. பெரிய வீடியோவுக்கு என் கையில் இருந்தால் தனியாக ஏதாவது சேர்த்துக் கொடுப்பேன், அது உங்கள் மனசு.

அடுத்த தடவை பேசும்போது மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் காலை என்ன எண் இருக்கிறதோ அதுதான் எண், அதற்குப் பிறகு ஏறினாலும் இறங்கினாலும் பேச்சில்லை. யூடியூபில் Engaged views, பேஸ்புக்கில் 3-second views, இன்ஸ்டாகிராமுக்கு மொத்த நேரத்தை நீளத்தால் வகுத்து வருவது என்று எந்த எண் என்பதையும் சொல்லிவிடுங்கள். எண் சின்னதாகும் என்பதால் ஆயிரத்துக்கு 60 கட்டாது, தம்பி 100, 120 கேட்பார், கேட்பது நியாயம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், திரையைப் புதுப்பித்து ஓட விட்டு எடுத்த பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். யூடியூபில் அதுகூட வேண்டாம். ஸ்டுடியோவின் Permissions பகுதியில் Viewer (limited) என்று ஒரு அனுமதி இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவர் வருமானம் உங்களுக்குத் தெரியாது, அனலிடிக்ஸ் தெரியும்.

அப்புறம் அந்த டேப்லெட். அதை நிறுத்த வேண்டாம், நின்று பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பியிடம் அசல் வீடியோ கோப்பை வாங்கி டேப்லெட்டில் ஏற்றி, கேலரியிலிருந்து ஓட விடுங்கள். யூடியூப் வழியாக ஓடுகிற ஒவ்வொரு சுற்றும் அவர் சேனல் மேல் சந்தேகக் கண்ணைத் திருப்புகிறது, உங்கள் டேட்டாவும் போகிறது.